சட்னிக்குக் கம்பளி போர்த்திய காலை

எனக்குப் பயம் வந்தால் வயிறு குளிரும். மற்றவர்களுக்கு வியர்க்கும் என்பார்கள், எனக்குக் குளிர்தான். அந்தக் கல்யாணத்துக்கு முந்தின ஒரு வாரமும் என் வயிற்றுக்குள் யாரோ ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு மூட மறந்து போனது மாதிரியே இருந்தது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கணக்கு வராது, இங்கிலீஷ் வராது. ஆனால் சாம்பார் வரும். ராஜபாளையத்தில் ஒரு மில் கேண்டீனுக்குக் காலைச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தோம், நானும் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும். அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்குச் சட்னியும் பொடியும். அவருக்கு இட்லியும் வண்டியும். எனக்குச் சாம்பாரும் கவலையும். யார் பிரித்துக் கொடுத்தது என்று தெரியாது, அப்படியே அமைந்துவிட்டது.

மில்லில் முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். அது ஒரு கணக்கே இல்லை, ஏனென்றால் சமைக்கிற இடத்துக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கொதிக்கக் கொதிக்க இறக்குவோம், அரை மணியில் காலியாகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாணம் அப்படியில்லை. மடவார் வளாகத்தில் மண்டபம். பெண் வீட்டார் மதியச் சாப்பாட்டை அந்த ஊர் மாஸ்டர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மண்டபத்துச் சமையல்கட்டு முழுக்க அவர் கையில். காலைப் பலகாரம் மட்டும் எங்களுக்கு. பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை, அதில் எங்கள் அடுப்பு ஒன்று போட்டு இட்லி அவித்துக்கொள்ளலாம். சாம்பாரும் சட்னியும் ராஜபாளையத்திலிருந்து செய்துகொண்டு போக வேண்டும். ஊரை விட்டு வெளியே நாங்கள் எடுத்த முதல் வேலை. இது நன்றாக அமைந்தால் அந்த மண்டபத்தில் வரிசையாகக் கல்யாணம் இருக்கிறது. கெட்டுப்போனால், கெட்டுப்போன சாம்பாரின் பேர் நம்மை விட வேகமாக ஊர் வந்து சேர்ந்துவிடும்.

அதுவும் மாப்பிள்ளை வீட்டார் கூமாப்பட்டிக்காரர்கள். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்கள். பிறந்ததிலிருந்து தேங்காயைத் தின்று வளர்ந்தவர்களுக்குத் தேங்காய்ச் சட்னி கொண்டுபோகிறோம். கொஞ்சம் வாடை மாறியிருந்தாலும் நாக்கில் வைப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த யோசனை வந்த பிறகு எனக்குத் தூக்கம் போச்சு.

என் பயத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தார். டாக்டர் வைப்பது அல்ல. நீளமான கம்பி, தலையில் நம்பர் தெரியும். சாம்பாருக்குள் நடு ஆழம் வரை விட்டால் எத்தனை டிகிரி என்று சொல்லும். மதினி அதற்குக் காய்ச்சல் குச்சி என்று பேர் வைத்தாள். நான் அதை எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன். பால், டீ, குளிக்கிற வெந்நீர். ஒருநாள் வீட்டுக்காரரின் சாப்பாட்டுத் தட்டில் ரசத்துக்குள் வைத்தேன். அவர் கையை எடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார்.

"பொழச்சிக்கிடுமா?" என்றார்.

அந்தக் குச்சி எனக்கு ஒரு கோட்டைக் காட்டிக் கொடுத்தது. அறுபதுக்கு மேலே சூடாக இருந்தால் சாம்பார் தாங்கும். குளிர வைப்பதென்றால் ஃபிரிட்ஜ் குளிர் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வெதுவெதுப்பாகக் கிடப்பதுதான் ஆபத்து. கேண்டீனில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒருமுறை மிஞ்சின சாம்பாரைப் பெரிய அண்டாவோடு இறுக மூடி வைத்துவிட்டுப் போனார்களாம். மேலே தொட்டால் ஆறிவிட்டது. நடுவில் சாயங்காலம் வரைக்கும் வெதுவெதுப்பு. திறந்தபோது நுரைத்துக்கொண்டு நின்றதாம். அறுபது என்று எல்லோரும் சொன்னால் நான் எனக்கு அறுபத்தைந்து என்று வைத்துக்கொண்டேன். பயந்தவளுக்கு ஐந்து டிகிரி கூடுதலாக வேண்டும்.

கல்யாணத்தன்று விடியலில் சாம்பார் இரண்டு டிரம். சூடு தாங்குகிற இரட்டைச் சுவர் டிரம். முருங்கைக்காயும் கேரட்டும் போட்டேன், பூசணி போட்டால் நேரம் ஆக ஆகக் குழைந்துவிடும். தேங்காய் அரைத்து ஊற்றவில்லை, ஊற்றினால் சீக்கிரம் புளிக்கும். மல்லித்தழையை நறுக்காமல் தனியாக எடுத்துக்கொண்டேன். டிரம்மைக் கொதிநீர் விட்டு அலசி, கொதிக்கிற சாம்பாரைக் கொதிக்கிறபடியே ஊற்றி மூடினேன். தக்காளிச் சட்னி எண்ணெய் பிரிய வதக்கிச் சூடாக ஒரு தூக்குவாளியில். அது பிரச்சினை இல்லாத பிள்ளை.

தேங்காய்ச் சட்னிதான் பிரச்சினை. வேக வைக்காதது, பச்சை. கிரைண்டரில் ஓடும்போதே சூடேறிவிடும். அதனால் அரைத்த உடனே குண்டானை ஐஸ் தொட்டிக்குள் இறக்கி, முன்சீட்டில் என் காலடியில் வைக்க வேண்டும் என்று முந்தின நாளிலிருந்து சொல்லிவைத்திருந்தேன். கூடவே இன்னொன்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். சாம்பார் ஆறிவிடக் கூடாது, நல்லா மூடுங்க, கம்பளி போர்த்துங்க, இடுக்கு விடாமல் போர்த்துங்க. இதை நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். மதினி இருநூறு என்பாள்.

வண்டி ஏற்றுகிற நேரத்தில் கேஸ் மூடினோமா என்று பார்க்க உள்ளே போனேன். மூடியிருந்தது. வெளியே வந்தேன். திரும்ப உள்ளே போனேன். அப்போதும் மூடித்தான் இருந்தது. நான் மூன்றாவது தடவை போய் வருவதற்குள் குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றி முடிந்து, கயிறு கட்டி, வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். என் காலடியில் இட்லித் தட்டுகள் இருந்தன.

"ஐஸ் தொட்டி?"

"பின்னால பத்திரமா இருக்கு. ஏறு."

மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டி முடித்திருந்தார்கள். பின்பக்கம் கொட்டகைக்கு வண்டியை விட்டோம். நான் முதலில் கம்பளியைத் தூக்கினேன். இரண்டு சாம்பார் டிரம்முக்கும் நடுவில், இடுக்கு விடாமல் போர்த்தின கம்பளிக்குள், தொட்டில் பிள்ளை மாதிரிக் கதகதப்பாகத் தேங்காய்ச் சட்னிக் குண்டான் உட்கார்ந்திருந்தது. ஐஸ் தொட்டி வண்டியின் கடைசி மூலையில் தனியாகக் குளிர்ந்துகொண்டிருந்தது.

குச்சியை எடுத்துக் கொதிநீரில் முக்கித் துடைத்துச் சட்னிக்குள் விட்டேன். நாற்பத்தொன்று.

"ஏங்க," என்றேன். "சட்னிக்குக் கம்பளி போர்த்தியிருக்கீங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "தொட்டிக்குள்ள வச்சா ஆடுது. நடுவுல வச்சா ஆடாதுன்னு வச்சேன்."

"போர்த்துனது?"

"நீதான எல்லாத்தையும் போர்த்து போர்த்துன்னே. விட்டுப்போச்சுன்னா அதுக்கும் வைவியேன்னு போர்த்திட்டேன்."

மதினி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. எனக்கும் உள்ளே ஏதோ குலுங்கியது, அழுகையா சிரிப்பா என்று அந்த நேரம் தெரியவில்லை.

மதினி ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். "நல்லாத்தாண்டி இருக்கு."

அது எனக்கும் தெரியும். புளிப்பு நாக்குக்குத் தெரிவதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே சட்னிக்குள் அதன் வேலை ஆரம்பித்திருக்கும். ஆனால் அரைத்து இன்னும் இரண்டு மணி நேரம் ஆகவில்லை. இப்போதே பந்தி போட்டு இப்போதே தீர்த்துவிட்டால் ஒன்றும் ஆகாது. முதல் பந்திக்கு இதை விட்டுவிடலாம் என்று மனதுக்குள் ஒரு வழி கண்டுபிடித்து மூச்சு விட்டேன். வயிற்றில் கொஞ்சம் குளிர் குறைந்தது.

அப்போதுதான் பெண்ணின் பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் போன்.

"அண்ணாச்சி, இட்லி இப்ப இறங்கிரும், உக்காரச் சொல்லுங்க," என்றேன்.

"செத்தப் பொறுங்கம்மா. மாப்பிள்ள வீட்டு பஸ் வரணும்."

"எங்க வருது?"

"பிளவக்கல் பக்கம் ஒரு அத்தை குடும்பத்த ஏத்தப் போயிருக்கு. போயிப் பாத்தா அவிய இன்னும் குளிக்கவே இல்லயாம். எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அதுக்குள்ள உங்க ஆளுக சாப்பிடட்டுமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ தாலியைக் கழற்றி வைக்கச் சொன்னது மாதிரி இருந்தது. "சம்பந்தக்காரவுக கை நனைக்காம நாங்க எப்படிம்மா பந்தியில உக்காருவோம்? எங்க வழக்கத்துல இல்ல. பசிச்சாலும் உக்கார மாட்டோம்."

அவ்வளவுதான். சட்னிக்கு நேரம் இல்லை, சாம்பாருக்கு இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு அத்தை குளித்துக்கொண்டிருக்கிறாள். அவள் தலைக்குக் குளிக்கிறாளா மேலுக்குக் குளிக்கிறாளா என்பதில் என் பிழைப்பு நின்றுகொண்டிருந்தது.

குண்டானை நான்தான் தூக்கினேன். கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டி வைத்திருந்தார்கள். ஐஸில் திரும்ப வைத்துக் குளிர வைத்தால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். குளிர வைத்தால் கெடுவது நிற்கும், கெட்டது திரும்பாது. கொதிக்க வைத்தால் திரிந்துபோகும், சட்னிக்கு மறுசூடு கிடையாது. இதையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. கொட்டிவிட்டேன். நானூறு பேருக்கான வெள்ளை வெளேரென்ற சட்னி குழிக்குள் போவதை மூன்று பேரும் நின்று பார்த்தோம்.

"நல்ல சட்னி," என்றாள் மதினி, இறந்துபோன ஒருவரைப் பற்றிச் சொல்வது போல.

இப்போது தேங்காய் வேண்டும், அரைக்க இடம் வேண்டும். மண்டபத்துக் கிரைண்டரைத் தேடிச் சமையல்கட்டுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு மாஸ்டர் பெரிய ஆள், முண்டாசு கட்டி, கையில் கரண்டியை ராஜா மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். கிரைண்டரில் வடைக்கு உளுந்து ஓடிக்கொண்டிருந்தது.

"இது நிக்கப் பத்து மணி ஆகும்," என்றார். "உங்க சட்னி எங்க?"

"கொட்டிட்டேன் மாஸ்டர்."

"புளிச்சிட்டா?"

"இல்ல, புளிச்சிரும்னு கொட்டிட்டேன்."

அவர் கரண்டியைத் தாழ்த்தினார். என்னையும் என் கையிலிருந்த குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "புளிக்கதுக்கு முன்னாலயேவா?" என்றார். பிறகு உளுந்து அள்ளிக்கொண்டிருந்த ஆளிடம் திரும்பி, "ஏலே, இந்தம்மாவப் பாத்துக்கோ, நாளைக்குக் கெடப்போறத இன்னைக்கே கொட்டுதாவ," என்றார். அந்த ஆள் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது வந்ததுதான் அன்றைக்கு நல்லதாகப் போயிற்று, அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

திரும்பி வரும் வழியில் தாம்பூல அறை. கதவு திறந்திருந்தது. மஞ்சள் பைகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் வெற்றிலை பாக்கோடு ஒரு தேங்காய். நூற்றுக்கணக்கில் தேங்காய். உரித்த, உடைக்காத, ஓடு மூடின தேங்காய். ஓட்டுக்குள் இருக்கிற வரைக்கும் அதைப் போலப் பத்திரமான சாமான் உலகத்தில் இல்லை. நான் வாசலில் அப்படியே நின்றேன்.

"அண்ணாச்சி," என்று பெரியப்பாவைக் கூப்பிட்டேன். "எனக்கு ஒரு முப்பது பை பிரிக்கணும்."

அவருக்கு விஷயத்தைச் சொன்னேன், கம்பளியோடு சேர்த்து. மறைக்க வாய் வரவில்லை. அவர் முகம் முதலில் கடுகடுவென்று இருந்தது. கம்பளி என்றதும் உதடு ஒரு பக்கம் இழுத்தது.

"சட்னிக்கா போர்த்துனாரு?"

"ஆமா."

"தாம்பூலத்துத் தேங்காய எடுத்தா பையில என்ன போட?"

"பழம் போடுங்க. இல்லேன்னா பத்து மணிக்குக் கடை தொறந்ததும் தேங்காயே வாங்கிப் போட்டுக்கலாம். தோப்புக்காரவுகளுக்கு நாம சட்னி இல்லாம இட்லி போடலாமா?"

இந்தக் கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அவர் துண்டை இறக்கி இடுப்பில் கட்டினார். ஐந்து நிமிடத்தில் பெண் வீட்டு ஆம்பிளைகள் ஆறு பேர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து தேங்காய் உடைத்தார்கள். ஒவ்வொரு காயையும் உடைத்த உடனே மோந்து பார்க்க வேண்டும், ஒரு காய் அழுகியிருந்தாலும் மொத்தமும் போச்சு என்றேன். அதனால் ஆறு பேரும் தேங்காய் மூடியை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். பெண்ணின் தாய்மாமன் ஒன்றை மோந்துவிட்டு நெடுநேரம் யோசித்து, "இது பரவால்ல," என்றார். பெரியப்பா அதைப் பிடுங்கி மோந்து பார்த்துத் தூரப் போட்டார். "உனக்கு மூக்கே கெடையாதுடா," என்றார்.

அரைப்பதற்கு மதினி ஒரு வழி பண்ணினாள். மண்டபத்துக்கு எதிர்த்த தெருவில் பெண் வீட்டுச் சொந்தக்காரர் வீடுகள்தான். மதினி அந்தத் தெருவில் இறங்கி நடுவில் நின்றுகொண்டு, "யார் வீட்டுல மிக்ஸி இருக்கு, எடுத்துட்டு வாங்கட்டி," என்று ஒரு குரல் கொடுத்தாள். ஒருத்தரையும் அவளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குத் தலைபின்னிக்கொண்டிருந்த பெண்கள் பாதிப் பின்னலோடு மிக்ஸியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், குடத்தைத் தூக்குவது மாதிரி. மொத்தம் ஐந்து மிக்ஸி. சிவப்பு, வெள்ளை, ஒன்று மூடி இல்லாதது. அதைக் கையால் பொத்திக்கொண்டுதான் ஓட்டுவார்களாம். அதை மட்டும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். அந்தப் பெண்ணுக்கு வருத்தம். போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து மூடிக் காட்டினாள், சரி இருக்கட்டும் என்றேன்.

ஜார் எல்லாவற்றையும் கொதிநீரில் அலசினோம். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஐந்தையும் சொருகினோம். ஐந்தும் ஒன்றாக ஓடின. அந்தச் சத்தத்தில் நாதஸ்வரம் கேட்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் நாதஸ்வரமே இல்லை, மண்டபத்துக்குள் கரண்ட் ட்ரிப் ஆகி மைக் நின்றுபோனதில் வாசிப்பையே நிறுத்தியிருந்தார்கள். உள்ளேயிருந்து மேளக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"சட்னி," என்றாள் மதினி.

அதற்கப்புறம் மூன்று மூன்றாக ஓட்டினோம். அவர்கள் வாசிக்க, நாங்கள் அரைக்க, ஒருவர் மாற்றி ஒருவர். மிக்ஸி சூடேறாமல் விட்டு விட்டு ஓட்டச் சொன்னேன். தண்ணீர் கேன் தண்ணீர் மட்டும். எங்கள் ஐஸ் போதவில்லை என்று கல்யாணத்துக்கு ஜூஸ் போட வந்தவர் ஐஸ் கட்டி கொடுத்தார். ஒரு பெண் அதை ஜாருக்குள் போடப் போனாள், பாய்ந்து கையைப் பிடித்தேன். அது என்ன தண்ணீரில் உறைந்த ஐஸோ. ஐஸ் வெளியே, சட்னி உள்ளே. குண்டானைச் சுற்றித்தான் ஐஸ். இட்லித் துணி அளவுக்கு ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைத்தோம்.

இதற்கு நடுவில் நான் சாம்பாரை மறக்கவில்லை. மறப்பேனா. கால் மணிக்கு ஒரு தடவை ஓடிப்போய் மூடியைத் திறந்து குச்சி வைத்தேன். எண்பத்து நாலு. எழுபத்தொன்பது. எழுபத்து மூன்று. நம்பர் இறங்க இறங்க நான் அடிக்கடி ஓடினேன்.

மதினி மிக்ஸிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "ஏட்டி, நீ தொறந்து தொறந்து பாக்குததுலதான் அது ஆறுது."

அது உண்மை. நான் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். திறக்காமல் இருந்தால் ஆறாது, திறக்காவிட்டால் ஆறிவிட்டதா என்று தெரியாது. என் வாழ்க்கை முழுவதையும் யாரோ ஒரு டிரம்மில் ஊற்றி மூடி வைத்தது மாதிரி இருந்தது.

முதல் டிரம் அறுபத்தாறைத் தொட்டபோது மாஸ்டரிடம் போனேன். எங்கள் அடுப்பில் இட்லிக் கொப்பரை ஏறியிருந்தது, அது இறங்காது.

"ஒரு அடுப்பு வேணும் மாஸ்டர். சாம்பாரைக் கொதிக்க வைக்கணும்."

"இன்னும் சூடாத்தான இருக்கும்?"

"அறுபத்தாறு."

"அதுக்கென்ன, மத்தியானம் வரைக்கும் தாங்குமே."

"எனக்குத் தாங்காது."

அவர் பெரிதாகச் சிரித்துக்கொண்டு ஒரு அடுப்பிலிருந்த பாயசப் பாலை இறக்கி வைத்தார். இரண்டு டிரம்மையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய அண்டாவில் ஊற்றினோம். சாம்பார் கெட்டியாகியிருந்தது, பருப்பு சும்மா இருக்குமா. வீட்டுக்காரர் உதவி செய்யும் எண்ணத்தில் குழாய்த் தண்ணீர் ஒரு வாளி கொண்டுவந்து அண்டாவின் விளிம்பில் சாய்த்தார். நான் வாளியைப் பிடித்தேன். அவர் விடவில்லை. இருவரும் வாளியோடு சுற்றினோம்.

"கொதிநீர்," என்றேன்.

"தண்ணி தண்ணிதான."

"கொதிக்கப் போகுதுன்னாலும் பச்சத் தண்ணி ஊத்துனா சூடு எறங்கி, மறுபடியும் ஏற எம்புட்டு நேரமாகும்? கொதிநீர் ஊத்துங்க."

மாஸ்டர் தன் பக்கத்திலிருந்த கொதிநீர்ப் பானையிலிருந்து அவரே மொண்டு ஊற்றினார். அடி பிடிக்காமல் நான் துடுப்பைப் போட்டுக் கிண்டினேன். ஓரத்தில் குமிழி வந்ததும் மாஸ்டர், "கொதிச்சிட்டு, எறக்கலாம்," என்றார். குச்சியை நடுவில் விட்டேன். அறுபத்தெட்டு. ஓரம் கொதிக்கிறது, நடு சும்மா உட்கார்ந்திருக்கிறது. கிண்டிக்கொண்டே இருந்தோம், ஓரமும் நடுவும் சேர்ந்து தளதளவென்று வரும் வரை. குச்சியில் தொண்ணூற்றைந்தைப் பார்த்தபோது மாஸ்டரும் எட்டிப் பார்த்தார்.

"அதக் குடுங்க," என்றார். வாங்கி, நான் செய்தது மாதிரியே கொதிநீரில் முக்கித் துடைத்துத் தன் பாயசப் பாலில் விட்டார். வெகு நேரம் பார்த்தார். அதற்கப்புறம் குச்சி அவர் கையிலிருந்து என் கைக்கு வருவது கஷ்டமாகிவிட்டது. வத்தக்குழம்பு, கூட்டு, வெந்நீர்ப் பானை. கூட்டு கிண்டுகிற ஆளிடம் ஏதோ நம்பரைச் சொல்லி அதட்டுவது கேட்டது. நடுவில் என்னிடம் வந்து, சாம்பார் மிஞ்சினால் எப்படி ஆற்றி வைப்பது என்பது வரை கேட்டுக்கொண்டு போனார்.

சாம்பாரைத் திரும்பக் கொதிநீரில் அலசின டிரம்மில் ஊற்றி, கம்பளியைப் போர்த்தினேன். நானே போர்த்தினேன். போர்த்தி முடிக்கவும் வாசலில் பஸ் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

கூமாப்பட்டிக்காரர்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கின அத்தைக்கு, அந்தப் பிளவக்கல் அத்தைக்கு, தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. தலைக்குத்தான் குளித்திருக்கிறாள். தட்டு வரிசை, பூ, ஆரத்தி எல்லாம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். இலை போட்டு, இட்லி வைத்து, வாளியில் சாம்பார் போயிற்று, மல்லித்தழையை அப்போதுதான் கிள்ளிப் போட்டேன். ஆவி பறந்தது. தேங்காய்ச் சட்னியில் ஆறவைத்த தாளிதத்தை ஒவ்வொரு வாளியாகத்தான் கலந்தோம். ஒரு வாளி தீர்ந்தால் அடுத்த வாளி. தீராத வாளியின் மேல் புதியதை ஊற்றவே கூடாது என்று பரிமாறுகிறவர்களிடம் சொல்லியிருந்தேன்.

அந்த அத்தை இலைக்கு முன்னால்தான் போய் நின்றேன். வேறு எங்கும் நிற்கக் கால் வரவில்லை. அவள் இட்லியைப் பிட்டாள். சாம்பாரில் தோய்த்தாள். சாப்பிட்டாள். சட்னியை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் வயிற்றுக்குள் ஐஸ் பெட்டியின் கதவு முழுக்கத் திறந்துகொண்டது.

"இது எப்பம் அரைச்சது?"

"இப்பத்தாம்மா. பஸ் வரதுக்குக் கொஞ்சம் முன்ன."

"நாங்க வருவோம்னு காத்திருந்து அரைச்சியளா?"

பின்னால் நின்ற மதினி, "ஆமா, நீங்க குளிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தோம்," என்றாள்.

பந்தி முழுக்கச் சிரித்தது. அத்தையும் சிரித்தாள், ஈரத்தலையைத் தொட்டுக்கொண்டாள். பிறகு இலையில் சட்னியைக் காட்டி, "இன்னுங் கொஞ்சம் ஊத்து," என்றாள். அவள் பக்கத்திலிருந்தவரும் ஊற்றச் சொன்னார். அவருக்குப் பக்கத்திலிருந்தவரும்.

"காய் சின்னக் காயா?" என்று கேட்டாள் அத்தை. "தித்திப்பு நல்லாருக்கு. தாம்பூலத்துக்கு வாங்குவாவளே அந்தக் காய் மாதிரி இருக்கு."

பெரியப்பா எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முடிந்தது. அவர் சமாளிக்க வாயைத் திறந்தார், வார்த்தைக்குப் பதில் சிரிப்பு வந்தது, துண்டால் பொத்திக்கொண்டு நகர்ந்தார். நான்தான் சொன்னேன், கம்பளியிலிருந்து மிக்ஸி வரை. அத்தை இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"சட்னிக்குக் கம்பளியா," என்றாள். "யாரு போர்த்துனது, காட்டுங்க."

வீட்டுக்காரர் இட்லித் தட்டோடு வந்து நின்று கும்பிட்டார்.

"தேங்காய்க்கு எதுக்குக் கடைக்குப் போறிய," என்றாள் பெரியப்பாவிடம். "பஸ்ஸுக்கு மேல ரெண்டு மூட்ட சீர்க் காய் கெடக்கு. எறக்கிப் பையில போடுங்க."

சம்பந்தக்காரர் கை நனைத்துவிட்டதால் பெண் வீட்டாரும் பாய்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பசிக்கு எதையும் சாப்பிட்டிருப்பார்கள். சட்னி வாளி கடைசிச் சொட்டு வரை வழிக்கப்பட்டது. கொட்டுவதற்குச் சட்னி மிச்சமில்லை என்பதில் எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

சாம்பார் கொஞ்சம் மிஞ்சியது. ராத்திரி இட்லிக்கு ஆகும், அண்டாவோடு மூடி வையுங்க என்றார் பெரியப்பா. நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"மூடி வைக்கவா? நடுவுல வெதுவெதுன்னு கெடந்து புளிச்சிரும் அண்ணாச்சி. அகலத் தட்டுல ரெண்டு விரக்கட உசரத்துக்கு ஊத்தி, அடியில ஐஸ் குடுத்து ஆத்தி, ஐஸ்கிரீம்காரன் ஃபிரிட்ஜுல வைக்கணும். எடுத்தா தளதளன்னு முழுசாக் கொதிக்கணும், ஒரே ஒரு தடவ. பொறவு மிஞ்சுனதக் கொட்டிரணும்."

சொல்லிவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் கையை நீட்டினேன். ரொம்ப யோசித்துத்தான் குச்சியைத் திருப்பிக் கொடுத்தார்.

கிளம்புகிற நேரம் மண்டபத்து மேனேஜர் வந்து அடுத்த முகூர்த்தத்துக்கும் நீங்களே காலைக்குப் போட முடியுமா என்று கேட்டார். மதினி என் தோளைக் கிள்ளினாள். சந்தோஷத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"மாப்பிள்ள வீடு எந்த ஊரு? பஸ்ஸா, கார்லயா வருவாவ?"

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. மதினி பின்னால் டிரம்மோடு உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள், அது எங்களுக்குக் கேட்டது, கேட்டு நாங்கள் சிரித்தோம். பாதி வழியில் எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

"ஏங்க, கொட்டகையில கேஸ மூடினோமா?"

அவர் ஓரமாக வண்டியை நிறுத்தி, பின்னால் போய்க் கம்பளியைக் கொண்டுவந்தார். சாம்பார் வாசனையோடு இன்னும் கதகதப்பாக இருந்தது. இடுக்கு விடாமல் என்னைச் சுற்றிப் போர்த்திவிட்டு, கழட்டுன சிலிண்டர் வண்டியில பின்னாலதான் இருக்கு என்று சொல்லி வண்டியை எடுத்தார்.